பிளட் குரூப் வேற வேற, அப்போ சொந்தத்துல கட்டலாமா டாக்டர்?

1/
அரசு மருத்துவமனை ஓபியில் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "பையன் பி பாசிட்டிவ், பொண்ணு ஓ பாசிட்டிவ். குரூப் வேறதானே, தாய்மாமனுக்கே குடுத்துடலாமா?" கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பார்க்கவேண்டிய இடம் அது இல்லை.

பிளட் குரூப்பைத் தீர்மானிப்பது நம் உடம்பில் உள்ள ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்களில் ஒன்றிரண்டு மட்டுமே. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தங்கைக்கே குரூப் வேறாக இருக்கலாம். அதனால் அவர்கள் அந்நியர்கள் ஆகிவிடுவார்களா? குரூப் வேறு என்பது உறவின் நெருக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அப்போ எதைப் பார்க்கணும்? அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். எங்கள் வீட்டுக்காக நானே போட்ட கணக்கை வைத்தே சொல்கிறேன்.

2/
முதலில் ஒரு சின்ன அடிப்படை.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. நாம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். எது போகும் என்பது காசு சுண்டிப் போடுவது மாதிரி, பாதிக்குப் பாதி.

சில பிரதிகளில் எழுத்துப் பிழை இருக்கும். ஒன்றில் பிழை, மற்றது நல்லது என்றால் பல நோய்களில் ஒன்றும் தெரியாது. நல்ல பிரதியே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இப்படிப் பிழையைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக இருப்பவரைக் கேரியர் என்கிறோம். இரண்டு பிரதியிலுமே பிழை இருந்தால்தான் நோய் வெளியே வரும். பள்ளிப் புத்தகத்தில் படித்த ஒடுங்கு பண்பு இதுதான். தலசீமியா, பிறவிச் செவித்திறன் குறைவில் பல வகைகள், குழந்தையின் உடம்பு புரதத்தையோ கொழுப்பையோ செரித்துப் பயன்படுத்த முடியாமல் போகும் வளர்சிதை மாற்ற நோய்கள் பலவும் இந்த வகை.

நீங்கள், நான், எல்லோருமே இப்படி ஏதாவது சில பிழைகளைச் சுமக்கிறோம். அது குறையும் இல்லை, பாவமும் இல்லை. ஒரே பிழையைச் சுமக்கும் இருவர் சேரும்போதுதான் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து வருகிறது.

அசலில் சந்திக்கும் இருவருக்கு ஒரே அரிய பிழை இருக்க வாய்ப்பு குறைவு. சொந்தத்தில் அப்படி இல்லை. ஒரே தாத்தாவின் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்த மாதிரி, அவரிடம் இருந்த பிழை இரண்டு கிளை வழியாகவும் இறங்கி வந்திருக்கலாம்.

3/
இனி எங்கள் வீட்டுக் கதை. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. அக்காவை எங்கள் அம்மாவின் கூடப் பிறந்த தம்பிக்கே, அதாவது எங்கள் தாய்மாமனுக்கே, கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுடைய மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போன வருடம் அம்மா ஆரம்பித்தார்: "அவளை வெளியில குடுப்பானேன்? நம்ம சின்னவனுக்கே முடிச்சுடலாம். சொத்தும் போகாது, பொண்ணும் கண்ணு முன்னாடி இருப்பா."

தம்பி அவளுக்குத் தாய்மாமன். முறைதான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு கல்யாணம் சொந்தத்தில் நடக்கிறது. அம்மா கேட்டதில் ஊர் உலகத்தில் இல்லாதது எதுவும் இல்லை.

4/
கணக்கின் பெயர் உட்கலப்புக் கெழு. சுருக்கமாக F. 1922ல் சுவால் ரைட் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர் இதைக் கணக்கிடும் வழியைக் கொடுத்தார்.

F சொல்வது இதுதான்: குழந்தையிடம் உள்ள ஏதோ ஒரு மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையரின் ஒரே பிரதியிலிருந்து வந்த ஜெராக்ஸாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

முதலில் சாதாரணத் தாய்மாமன் கல்யாணத்தைப் போடுவோம். தாத்தா, பாட்டி. அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் அசலில் கல்யாணம் செய்து ஒரு பெண்ணைப் பெறுகிறாள். அந்தப் பெண்ணைத் தாய்மாமன் கட்டுகிறான். அவர்களுக்கு ஒரு குழந்தை.

தாத்தாவிடம் உள்ள ஒரே ஒரு பிரதியைப் பின்தொடருங்கள்.

மாமன் வழியாக: தாத்தா → மகன் → குழந்தை. இரண்டு கைமாற்றம்.
பெண் வழியாக: தாத்தா → மகள் → பேத்தி → குழந்தை. மூன்று கைமாற்றம்.

மொத்தம் ஐந்து. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அந்தப் பிரதி போவதற்குப் பாதி வாய்ப்பு. ஐந்து தடவை பாதியைப் பெருக்கினால் 1/32. இது ஒரு பிரதிக்கு. தாத்தாவிடம் இரண்டு, பாட்டியிடம் இரண்டு, ஆக நான்கு பிரதிகள்.

F = 4 × 1/32 = 1/8

5/
அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் மும்மூன்று கைமாற்றம். மொத்தம் ஆறு, ஒரு பிரதிக்கு 1/64.

F = 4 × 1/64 = 1/16

தாய்மாமன் கல்யாணத்தில் பாதி. அடுத்த தலைமுறையில், அதாவது அத்தை பேரன், மாமன் பேத்தி என்று போனால் எட்டு கைமாற்றம், F = 1/64. ஒரு தலைமுறை தள்ளினாலே நான்கில் ஒன்றாக இறங்கிவிடுகிறது.

இங்கே இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளை நாம் அண்ணன் தங்கை என்போம், அத்தை மாமன் பிள்ளைகளை முறை என்போம். கணக்கில் இரண்டுக்கும் ஒரே 1/16தான். முறை என்பது நாம் வைத்துக்கொண்ட ஒழுங்கு. மரபணுவுக்கு அது தெரியாது.

இரண்டாவது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகள். ஒரு வீட்டு அண்ணன் தங்கை, இன்னொரு வீட்டுத் தங்கை அண்ணனைக் கட்டுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தங்களுக்குள் கட்டிக்கொண்டால்? வெளியே பார்த்தால் வெறும் அத்தை மகன், மாமன் மகள்தான். ஆனால் அவர்களுக்கு இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகளும் பொது. நான்குக்குப் பதில் எட்டுப் பிரதிகள். 8 × 1/64 = 1/8. தாய்மாமன் கல்யாணத்துக்குச் சமம். அதனால்தான் "என்ன உறவு?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்தாமல் மூன்று தலைமுறைக்குக் கோடு போட்டுப் பார்க்கச் சொல்கிறோம்.

6/
அப்படிக் கோடு போட்டபோதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு 1/8ல் நிற்கவில்லை என்று தெரிந்தது.

தம்பிக்கும் அக்கா மகளுக்கும் எங்கள் அப்பா, அம்மா பொது. அது 1/8. ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா அசல் ஆள் இல்லை. அவர் எங்கள் அம்மாவின் தம்பி. ஆகவே இன்னொரு பாதை திறக்கிறது. அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடமிருந்து:

ஒரு பக்கம்: தாத்தா → அம்மா → தம்பி → குழந்தை. மூன்று.
மறு பக்கம்: தாத்தா → மாமா → அக்கா மகள் → குழந்தை. மூன்று.

ஆறு கைமாற்றம், நான்கு பிரதிகள், 1/16. இதையும் கூட்டணும்.

F = 1/8 + 1/16 = 3/16

தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டும் வீடுகளில் இப்படித்தான் F ஏறிக்கொண்டே போகும். பத்திரிகையில் "தாய்மாமன்" என்று ஒரே வார்த்தைதான் இருக்கும்.

7/
3/16 என்றால் நூற்றுக்குப் பத்தொன்பது குழந்தைக்கு நோய் என்று அர்த்தமா? இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். F என்பது இரண்டு பிரதியும் ஒரே ஜெராக்ஸாக இருக்கும் வாய்ப்பு மட்டும். அந்த ஜெராக்ஸில் பிழை இருந்தால்தான் நோய்.

பிழையுள்ள பிரதி மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை q என்று வைப்போம். இரண்டும் ஒரே ஜெராக்ஸ் என்றால் அந்த ஒன்று பிழையாக இருந்தாலே போதும், வாய்ப்பு q. ஜெராக்ஸ் இல்லை என்றால் தனித்தனியாக இரண்டும் பிழையாக வரணும், வாய்ப்பு q². ஆக:

நோய் வாய்ப்பு = F × q + (1 − F) × q²

நூறு பிரதியில் ஒன்றில் பிழை உள்ள நோயை எடுப்போம். அசலில் கட்டினால் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அத்தை மாமன் பிள்ளைகள் கட்டினால் பத்தாயிரத்தில் ஏழு. ஏழு மடங்கு.

இன்னும் அரிய நோய், ஆயிரத்தில் ஒரு பிரதியில்தான் பிழை. அசலில் பத்து லட்சத்தில் ஒன்று. அத்தை மாமன் பிள்ளைகளுக்குப் பத்து லட்சத்தில் 63. தாய்மாமன் கல்யாணத்தில் 126.

நோய் எவ்வளவு அரிதோ, சொந்தத்தில் அது அத்தனை மடங்கு எகிறுகிறது. இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட். சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற மிக அரிய நோயைப் பற்றி 1902ல் எழுதும்போது, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் நிறையப் பேர் ஒருவருக்கொருவர் நேர் உறவுப் பிள்ளைகளாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

8/
தனி ஒரு நோய்க்கு 63 மடங்கு என்றாலும் அடிப்படை எண் மிகச் சிறியது. ஆனால் இப்படிப்பட்ட அரிய நோய்கள் ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்? எந்தத் தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு 2 முதல் 3 வரை வாய்ப்பு உண்டு. அத்தை மாமன் பிள்ளைகள் கட்டினால் அதோடு இன்னும் சுமார் 2 முதல் 3 சேரும். தாய்மாமன் கல்யாணத்தில் F இரட்டிப்பு என்பதால் அந்தக் கூடுதலும் அதைவிட அதிகமாகும்.

அதாவது சொந்தத்தில் கட்டியவர்களிலும் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்கிறது. "எங்க தெருவுல பாருங்க, எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று நீங்கள் சொல்வதும் பொய் இல்லை. ஆனால் நூற்றுக்கு மூன்று ஆறாவதை ஒரு தெருவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரசவ வார்டில் வருடக்கணக்கில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் எண்ணிக்கை மாறி வருபவை சொந்தத்தில் கட்டியதால் வருபவை அல்ல. எல்லாப் பழியையும் கல்யாணத்தின் மேல் போடக்கூடாது.

9/
இவ்வளவும் சொன்ன பிறகு அம்மா சொன்னது: "நம்ம வீட்டுல யாருக்கும் ஒரு குறையும் இல்லையேடி. இல்லாத வியாதி எங்கிருந்து வரும்?"

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னாள். "எனக்கு ரெண்டாவது ஒரு பையன் பொறந்தானேம்மா."

வீட்டில் பேசாத விஷயம் அது. சுகப்பிரசவம், நல்ல எடை, பிறந்தவுடன் அழுதான். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தான். மூன்றாம் நாள் பால் குடிக்க மறந்தவன் மாதிரி ஆனான். துவண்டுபோனான், பிறகு வலிப்பு. ஐந்தாம் நாள் போய்விட்டான். ரத்தத்தில் கிருமி என்று சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

கிருமித் தொற்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் பெற்றோர் நெருங்கிய சொந்தம், பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை, பால் உள்ளே போகப்போக மூன்றாம் நாளில் துவண்டு வலிப்பு வருகிறது என்றால், வளர்சிதை மாற்ற நோயையும் சேர்த்தே யோசிக்கணும். வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் உடம்பு கழிவைச் சுத்தம் செய்துவிடும். பிறந்து பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கழிவு குழந்தையின் ரத்தத்தில் சேரும். பார்ப்பதற்கு அப்படியே கிருமித் தொற்று மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை, அமிலத்தன்மை, அம்மோனியா, லாக்டேட் பார்த்தால் துப்பு கிடைக்கும்.

10/
அது ஒடுங்கு நோய்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

அப்படியென்றால் அக்காவும் மாமாவும் கேரியர்கள். அக்காவுக்கு அந்தப் பிழை எங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும். ஆக தம்பியும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு.

அக்கா மகள்? கேரியர் தம்பதியின் பிள்ளைக்கு நான்கு விதமாக அமையலாம். ஒன்று நோய், அது அவளுக்கு இல்லை. மிச்சம் மூன்று. அதில் இரண்டு கேரியர். அவளுக்கு 2/3.

இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு 1/4.

1/2 × 2/3 × 1/4 = 1/12

பன்னிரண்டில் ஒன்று. அவளே அசலில் கட்டினால், அந்தப் பிழை வெளியில் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்தாலும், 2/3 × 1/100 × 1/4, அறுநூறில் ஒன்று.

இப்படி, வீட்டில் ஒரு குழந்தை போயிருந்தால் பொதுவான சதவீதங்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். அதனால்தான் குடும்ப வரலாறு கேட்கும்போது "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்காமல் "எத்தனை பிரசவம்?" என்று கேட்கிறோம். இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லா வீட்டிலும் யாருக்கும் எந்தக் குறையும் இருக்காது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் உன் அக்காவுக்கு அப்புறம் ஒண்ணு தங்கலையே" என்றார். அதன் காரணம் யாருக்கும் தெரியாது. பேச்சு அதோடு நின்றது. அக்கா மகளுக்கு இந்த ஆவணியில் அசலில் முடிந்தது.

11/
"பாட்டி காலத்துல எல்லாரும் சொந்தத்துலதானே கட்டினாங்க?" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பாட்டி எட்டுப் பெற்றார், ஐந்து தங்கியது. மீதி மூன்று வயிற்றுப்போக்கிலோ அம்மையிலோ போயிருக்கலாம், மரபணு நோயிலும் போயிருக்கலாம். அன்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இன்று தடுப்பூசியும் மருந்தும் தொற்றைக் கட்டுப்படுத்திவிட்டதால் மரபணு நோய்கள் தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. அதோடு இன்று வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைதான்.

12/
ஏற்கெனவே சொந்தத்தில் கட்டியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே இருவரும் ரத்தப் பரிசோதனையில் தலசீமியா கேரியரா என்று பாருங்கள். இருவரில் ஒருவருக்கு இல்லை என்றாலே அந்த நோயைப் பொறுத்தவரை கவலை விட்டது. மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை எழுதி, இறந்த குழந்தைகளையும் சேர்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள். உறவை மறைக்காதீர்கள். "தூரத்துச் சொந்தம்" என்று சொல்லி அக்கா மகளைக் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் மாத ஸ்கேன் அவசியம் எடுங்கள். ஆனால் "ஸ்கேன் நார்மல்" என்றால் உறுப்புகளின் அமைப்பு சரி என்றுதான் பொருள். செவித்திறனும் வளர்சிதை மாற்ற நோயும் ஸ்கேனில் தெரியாது. பிறந்தவுடன் குழந்தைக்குக் காது கேட்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

13/
ஒரு குழந்தை பாதிக்கப்பட்டிருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே அந்தக் குழந்தையின் மரபணுப் பரிசோதனையை முடியுங்கள். எந்த மரபணுவில் எந்தப் பிழை என்று தெரிந்திருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க முடியும். கர்ப்பமான பிறகு வந்து தேட ஆரம்பித்தால் நேரம் பத்தாது.

"மொதப் புள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று கணக்குப் போடாதீர்கள். நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாகச் சுண்டும் காசு.

குழந்தை காரணம் தெரியாமல் கைமீறிப் போகிறது என்றால், கேட்கக் கஷ்டமான வார்த்தைதான், ஆனாலும் கொஞ்சம் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்காகப் பத்திரப்படுத்தச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் அக்கா வீட்டில் அது இல்லாததால்தான் நான் "வைத்துக்கொண்டு" கணக்குப் போட வேண்டியிருந்தது.

கடைசியாக மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. ஒடுங்கு நோய் வர இரண்டு பிரதி வேண்டும். ஒன்று உங்கள் மருமகள் கொடுத்தது. இன்னொன்று உங்கள் மகன் கொடுத்தது.